முதல் நாள் பேச்சு: வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை

கிக்-ஆஃப் மீட்டிங்கில் புராஜெக்ட் தலைவர் பேசும் பேச்சு எதற்கு என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. ஊக்கப்படுத்த என்று பலர் சொல்வார்கள். எல்லோரையும் ஒரே பக்கம் பார்க்க வைக்க என்றும் சொல்வார்கள். இருக்கட்டும். என்னைப் பொறுத்தவரை அதற்கு ஒரே ஒரு வேலைதான். மூன்றாவது வாரத்திலோ மூன்றாவது மாதத்திலோ, டீமில் ஆக இளையவர் யாருக்காவது ஒரு கெட்ட செய்தி கண்ணில் படும். அன்றைக்கு அவர் அதை அன்றே சொல்ல வேண்டும். யாரிடம் சொல்வது, சொன்னால் என்ன ஆகும், நாமே தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்றெல்லாம் யோசித்து அடுத்த திங்கள் வரை தள்ளிப் போடக் கூடாது. முதல் நாளில் ஒருவரை ஒருவர் அறியாத ஒரு கூட்டத்திடம் தலைவர் பேசும் அரை மணி நேரத்தில் இதற்கு வழி போட முடியும். பிறகு போடுவது கஷ்டம்.

நான் இருப்பது வங்கி மென்பொருள் மாற்றும் துறையில். பழைய கோர் பேங்கிங் மென்பொருளில் இருக்கும் கணக்குகள், வைப்புகள், கடன்கள் எல்லாவற்றையும் ஒரு வார இறுதியில் புதிய மென்பொருளுக்குக் கொண்டுபோகும் வேலை. மைக்ரேஷன் என்போம். கடைசியாகச் செய்தது ஒரு நடுத்தர வங்கிக்கு. வங்கியின் பெயர் இங்கே தேவையில்லை. ஏறக்குறைய எட்டு லட்சம் கணக்குகள். முதல் நாள் அவர்களுடைய பயிற்சிக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலானோர் அன்றுதான் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். எங்கள் நிறுவனத்தின் டேட்டா ஆட்கள் சென்னையிலிருந்து. புதிய மென்பொருள் வெண்டரின் இன்ஜினியர்கள் மும்பையிலிருந்து. வங்கியின் ஐ.டி. பிரிவு, கணக்குப் பிரிவிலிருந்து ஒரு முதுநிலை அதிகாரி, கிளைகளிலிருந்து டெபுடேஷனில் வந்த இரண்டு மேலாளர்கள், கல்லூரி முடித்து ஓராண்டுகூட ஆகாத டெஸ்டர்கள். அப்புறம் கடைசி வரிசையில், பழைய மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வந்த நிறுவனத்திலிருந்து ஒருவர். இந்த வேலை நல்லபடியாக முடிந்தால் ஒப்பந்தம் போய்விடும் என்ற நிலையில் அங்கே இருந்தவர் அவர் மட்டும்தான்.

இந்த மாதிரிக் கூட்டத்தில் வழக்கமாக முதலில் நடப்பது சுய அறிமுகம். பெயர், ஊர், எத்தனை வருட அனுபவம், பொழுதுபோக்கு. எனக்கு இதில் நம்பிக்கையே இல்லை. தன் முறை வரும் வரை என்ன சொல்வது என்று யோசிப்பவர் மற்றவர் சொல்வதைக் கேட்பதில்லை, தன் முறை முடிந்ததும் நிம்மதியில் கேட்பதில்லை. கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒருவருக்கும் ஒரு பெயரும் நினைவிருக்காது. அதனால் அதை விட்டுவிட்டு நேராகக் கடைசி வார இறுதிக்குப் போனேன். பழையதிலிருந்து புதியதற்கு மாறும் கட்ஓவர் நடக்கப்போகும் அந்த இரண்டரை நாளை, மணிக்கு மணி, அறையில் இருந்த ஆட்களின் பெயர் சொல்லியே விவரித்தேன். ஸ்லைடு எதுவும் கிடையாது, வெள்ளைப் பலகையில் ஒரே ஒரு நீளக் கோடு மட்டும்.

பேச்சு கிட்டத்தட்ட இப்படிப் போனது. பெயர்களுக்குப் பதில் இங்கே பொறுப்புகளைப் போடுகிறேன்.

"இரண்டாவது சனிக்கிழமை வரும் வாரம். வெள்ளி மாலை ஐந்து மணிக்குக் கிளைகளில் பரிவர்த்தனை நிற்கும். எட்டு மணிக்குப் பழைய சிஸ்டத்தில், அன்றைய கணக்கை முடித்துவைக்கும் டே-எண்ட் கடைசியாக ஓட வேண்டும். ஏதோ ஒரு கிளையில் யாரோ ஒருவர் ஒரு வவுச்சரை அங்கீகரிக்காமல் வீட்டுக்குப் போயிருப்பார். அந்த ஒரு வவுச்சர் மொத்த வங்கியின் டே-எண்டையும் நிறுத்தும். அந்த நேரத்தில் நம்மில் யார் போன் செய்தாலும் அந்தக் கிளையில் எடுக்க மாட்டார்கள். இதோ இருக்கிறாரே கிளை மேலாளர், இவர் செய்தால் எடுப்பார்கள். அதனால் வெள்ளி இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை இந்த புராஜெக்ட்டின் தலைவர் இவர்தான், நான் இல்லை.

"பதினொரு மணிக்குப் பழைய டேட்டாபேஸ் உறைந்துவிடும். அதன்பின் அதில் யாரும் ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாது. அந்தப் பூட்டுச் சாவி வங்கியின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும் டி.பி.ஏ. மேடத்திடம். நான் கெஞ்சினாலும் அவர் திறக்க மாட்டார். திறந்தால் நீங்கள் எல்லோரும் அவரிடம் சண்டை போடலாம். சனி காலை தகவலை வெளியே எடுக்கத் தொடங்குவோம். எந்த டேபிளில் எது எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிந்தவர் கடைசி வரிசையில் இருக்கிறார். அவரைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன். சனி இரவு முழுக்கப் புதிய சிஸ்டத்தில் ஏற்றும் வேலை. மும்பையிலிருந்து வந்த இவர்கள் இரண்டு பேரும் தூங்க மாட்டார்கள், அதனால் ஞாயிறு காலை இவர்களிடம் யாரும் முடிவு எதுவும் கேட்காதீர்கள்.

"ஞாயிறு காலை சார் வருவார்." கணக்குப் பிரிவு அதிகாரியைக் காட்டினேன். "பழைய டிரயல் பேலன்ஸ் ஒரு கையில், புதியது ஒரு கையில். பொதுப் பேரேட்டின் ஒவ்வொரு தலைப்பும் பைசா வரை ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் இவர் இல்லை என்பார். இவர் இல்லை என்றால் இல்லைதான்."

கிக்-ஆஃப் பேச்சில் இதைப் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிப்பதில் ஒரு லாபம் இருக்கிறது. கேட்பவர் தன்னை ஒரு பதவியாகப் பார்ப்பதை விட்டு, ஒரு குறிப்பிட்ட மணி நேரத்தில் வேறொருவர் கையிலிருந்து எதையோ வாங்கி இன்னொருவரிடம் கொடுப்பவராகப் பார்க்கத் தொடங்குகிறார். யாரிடமிருந்து வாங்குகிறோம் என்று திரும்பிப் பார்க்கிறார். அன்று மும்பை இன்ஜினியர் திரும்பி எங்கள் டேட்டா ஆளிடம், "சனிக்கிழமை எத்தனை மணிக்கு ஃபைல் தருவீர்கள்?" என்று பேச்சின் நடுவிலேயே கேட்டார். அறிமுகம் அப்படித்தான் நடக்க வேண்டும் என்பேன்.

அடுத்து ஞாயிறு மாலை ஆறு மணி. பலகையில் அந்த இடத்தில் மட்டும் ஒரு குறுக்குக் கோடு போட்டேன். அதுதான் திரும்ப முடிகிற கடைசி நேரம். ஏன் ஆறு என்பதைக் கணக்காகவே சொன்னேன். வார இறுதியில் ஏடிஎம்களை முழுக்க மூட முடியாது. உறைந்த இருப்புப் பட்டியலை வைத்து, சிறு தொகை மட்டும் எடுக்க விடுவோம். பழைய சிஸ்டத்துக்கே திரும்புவதென்றால் அந்த ஏடிஎம் பரிவர்த்தனைகளை அதில் பதிய வேண்டும், யு.பி.ஐ., நெஃப்ட் இணைப்புகளைப் பழைய இடத்துக்கே திருப்ப வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும். எல்லாமாகப் பத்து மணி நேரம். எதிர்பாராததற்கு இரண்டு மணி. திங்கள் காலை ஆறு மணிக்கு ஏடிஎம் முழுமையாக ஓட வேண்டும் என்று வங்கி கேட்டிருந்தது. ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பின்னால் போனால் ஞாயிறு மாலை ஆறு. அதைத் தாண்டி இணைப்புகளைப் புதிய சிஸ்டத்துக்குத் திறந்துவிட்டால், புதிய பரிவர்த்தனைகள் அதில் விழத் தொடங்கும். பிறகு திரும்புவது என்பது பெயரளவில்தான். இரவு நேரத்திலும் விடுமுறையிலும் நெஃப்ட் ஓடாத காலத்தில் இதில் கொஞ்சம் மூச்சு விட இடம் இருந்தது. 2019 டிசம்பரில் நெஃப்ட்டும் 2020 டிசம்பரில் ஆர்.டி.ஜி.எஸ்.-ஸும் 24 மணி நேரமும் ஆன பிறகு அந்த இடமும் போய்விட்டது.

அந்த ஆறு மணிக்கு யார் முடிவெடுப்பது? முதல் நாள் பேச்சில் நான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது இந்த இடத்தில்தான். ஐந்து பேரின் பெயரைச் சொன்னேன். கணக்கு அதிகாரி, டி.பி.ஏ., கிளை மேலாளர்களில் ஒருவர், எங்கள் டேட்டா லீட், டெஸ்டிங் லீட். மேலே போக ஐந்து பேரும் சரி என்று சொல்ல வேண்டும். நிறுத்த ஒருவர் போதும். நானும் வங்கியின் பொது மேலாளரும் அந்த ஐவரில் இல்லை. எங்கள் இருவருக்கும் தேதியின் மேல் ஒரு கண் எப்போதும் இருக்கும், அவர் போர்டுக்குப் பதில் சொல்ல வேண்டும், நான் என் நிறுவனத்துக்கு. ஒருவர் நிறுத்து என்ற பிறகும் போகத்தான் வேண்டும் என்று பொது மேலாளர் நினைத்தால் போகலாம், ஆனால் காரணத்தைத் தன் கையால் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இதைச் சொல்லும்போது அவர் முன் வரிசையில்தான் இருந்தார். நான் நிறுத்தி அவரைப் பார்த்தேன். "ஆமாம், ஒப்புக்கொண்டிருக்கிறேன்" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக அதற்கு முந்தைய வாரத்தில் அவருடன் உட்கார்ந்து நிறையப் பேச வேண்டியிருந்தது. முதலில் அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அது நியாயமும்கூட. ஒரு டெஸ்டிங் லீட் தன் வங்கியை நிறுத்தலாம் என்றால் எந்த மேலாளருக்குப் பிடிக்கும்? எழுத்தில் மீறலாம் என்ற வழி வந்த பிறகுதான் இறங்கி வந்தார். முதல் நாள் பேச்சில் சொல்லும் ஒவ்வொரு உறுதிமொழிக்கும் முன்னால் இப்படி ஒரு அறைக்குள் நடந்த பேரம் இருக்க வேண்டும். "எந்தப் பிரச்சினை என்றாலும் தயங்காமல் சொல்லுங்கள், என் கதவு திறந்தே இருக்கும்" என்று மேடையில் சொல்வது சுலபம். சொன்னவரின் மேலதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தால், கூட்டத்தில் இருப்பவர்கள் அந்தப் போனைத்தான் கவனிப்பார்கள்.

கடைசி வரிசைக்காரர் விஷயமும் அப்படியே. அவரைப் பற்றிப் பேசாமல் விட்டிருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் விடுகிறார்கள். ஆனால் அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைத் தலைவர் மட்டும் தெரியாத மாதிரி நடந்துகொண்டால், வேறு எதையெல்லாம் தெரியாத மாதிரி நடந்துகொள்வார் என்று கேட்பவர்கள் கணக்குப் போடுவார்கள். அதனால் நேராகவே சொன்னேன்: "இந்த வேலை முடியும் நாளில் சாருடைய பராமரிப்பு ஒப்பந்தம் முடியும். இது ரகசியம் இல்லை. அதன் பிறகும் பழைய தகவலைப் பார்க்க உதவுவதற்காக அவர் நிறுவனத்துக்கு வங்கி ஆறு மாதம் தனியாகக் கட்டணம் தருகிறது, அதில் கையெழுத்து ஆகிவிட்டது. அவரிடம் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள், நாளின் முடிவில் சேர்த்து அனுப்புங்கள். ஆளாளுக்குப் போன் போட்டுப் பிடுங்காதீர்கள். அவர் ஒரு ஃபீல்டுக்கு இது பொருள் என்று சொன்னால், அதை அவர் பெயருடன் எழுதிவையுங்கள்." அவர் முகத்தில் பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. ஆனால் மதியம் தானாகவே வந்து, வாடிக்கையாளர் பிறந்த தேதி 01-01-1900 என்று இருந்தால் அது தெரியாததால் போட்டது, இன்னொரு குறிப்பிட்ட தேதி இருந்தால் அது பழைய ஒரு இணைப்பில் வந்தது என்று விளக்கினார். எந்த ஆவணத்திலும் இல்லாத விஷயம் அது.

பிறகு நமக்குத் தெரியாதவை. இதையும் முதல் நாளிலேயே பட்டியலாகச் சொல்ல வேண்டும் என்பேன், ஆனால் நான்கைந்துக்கு மேல் வேண்டாம். அன்று மூன்று சொன்னேன். குப்பைத் தகவல் உள்ள கணக்குகள் எத்தனை என்று தெரியாது. பழைய சிஸ்டம் வட்டியை உள்ளுக்குள் எப்படிக் கணக்கிடுகிறது என்று முழுதாகத் தெரியாது. மொத்தத் தகவலையும் ஏற்ற எத்தனை மணி நேரம் ஆகும் என்று தெரியாது, சனி இரவுக்குள் முடியும் என்பது இப்போதைக்கு என் ஆசை மட்டுமே. ஒவ்வொன்றும் எந்த மாக் மைக்ரேஷனில், அதாவது எந்த ஒத்திகையில், தெரிய வரும் என்பதையும் யார் சொல்வார்கள் என்பதையும் சொன்னேன். தலைவருக்கே தெரியாது என்று முதல் நாளில் கேட்டவர், பிறகு தனக்குத் தெரியாது என்று சொல்ல அவ்வளவு தயங்குவதில்லை. அதைவிட முக்கியம், எங்கே தோண்டினால் கெட்ட செய்தி கிடைக்கும் என்று அவருக்கு ஒரு வரைபடமும் கிடைக்கிறது.

கடைசியாக ஒரே ஒரு விதி. வித்தியாசப் பதிவேடு என்று ஒரு ஷீட். பழையதும் புதியதும் ஒரு பைசா வேறுபட்டாலும் அதில் ஒரு வரி எழுத வேண்டும். காரணம் தெரிந்தாலும் எழுத வேண்டும், ரவுண்டிங்தான் என்று தோன்றினாலும் எழுத வேண்டும். எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். ஆனால் ஒரு வரியை மூட கணக்கு அதிகாரியால் மட்டுமே முடியும். எழுதியவர் மூடக் கூடாது, எழுதியவரின் லீட் மூடக் கூடாது, நான் மூடக் கூடாது. அரை மணி நேரத்தைக் கொஞ்சம் தாண்டியிருந்தேன், அத்துடன் பேச்சு முடிந்தது.

இப்படி ஒரு பேச்சு எதற்குத் தேவை என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது பிரிட்டனின் டி.எஸ்.பி. வங்கிக் கதை. எங்கள் துறையில் அதை அறியாதவர் குறைவு. லாயிட்ஸ் குழுமத்திலிருந்து பிரிந்து வந்த அந்த வங்கியை 2015-இல் ஸ்பெயினின் சபாடெல் வாங்கியது. லாயிட்ஸின் சிஸ்டத்தை வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்தவர்களைத் தங்கள் சொந்தத் தளத்துக்கு மாற்ற நினைத்தார்கள். முதலில் 2017 நவம்பர் என்று தேதி வைத்து, பிறகு தள்ளி, 2018 ஏப்ரல் 20 முதல் 22 வரையான வார இறுதியில் ஏறக்குறைய 52 லட்சம் வாடிக்கையாளர்களை ஒரே வீச்சில் மாற்றினார்கள். தகவல் போய்ச் சேர்ந்துவிட்டது. தளம்தான் தாங்கவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேரால் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியவில்லை, நிலைமை முழுதாகச் சீராக 2018 டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் இரண்டும் சேர்ந்து 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் போட்டன.

அந்த வங்கியின் போர்டே ஒரு சட்ட நிறுவனத்தை வைத்து விசாரிக்கச் சொல்லி, 2019 நவம்பரில் அறிக்கை வெளியானது. அதில் எனக்கு முக்கியமாகப் பட்டவை இரண்டு. ஒன்று, தேதியை முதலில் முடிவு செய்துவிட்டு, அதிலிருந்து பின்னோக்கி வேலைகளைத் திணித்தது. நானும்தான் பலகையில் பின்னோக்கிப் போனேன் என்று கேட்பீர்கள். நான் பின்னோக்கிப் போனது ஒரு வார இறுதிக்குள் யார் எப்போது வேண்டும் என்பதை அறிய. அந்த வார இறுதி எந்த மாதம் வரும் என்பதை ஒத்திகைகள் சொல்லட்டும் என்று விட்டிருந்தேன். இரண்டாவது, தயார்நிலை பற்றி வந்த உறுதிக் கடிதங்கள். தளத்தைக் கட்டிய சபாடெல் குழும நிறுவனம், தனக்குக் கீழே வேலை செய்த மற்ற நிறுவனங்களிடம் தயாரா என்று கேட்டு எழுத்தில் வாங்கியிருந்தது. அவற்றில் பலவும் தயாராக இருக்கிறோம் என்று சொல்லவில்லை, தயாராகிவிடுவோம் என்று நினைக்கிறோம் என்ற வகையில்தான் இருந்தன. மேலே போகப் போக அந்த வித்தியாசம் கரைந்துவிட்டது. சுமைத் தாங்கும் சோதனையிலும் இரண்டு டேட்டா சென்டர்களில் ஒன்றைத்தான் சோதித்திருந்தார்கள். அது அறிந்தவர்கள் எங்கோ இருந்தார்கள். அந்தத் தகவல் முடிவெடுக்கும் அறைக்கு உரிய நேரத்தில் உரிய எடையோடு வந்து சேரவில்லை.

இதைப் படித்த பிறகுதான் என் முதல் நாள் பேச்சில் ஒரு வரி கூடியது: "ரெடியா என்று கேட்டால், ஓட்டிப் பார்த்த ஷீட்டைக் காட்டுங்கள். ஓடிவிடும் என்று சொல்ல நினைத்தால், இல்லை என்று சொல்லுங்கள், யாரும் கோபப்பட மாட்டார்கள்."

அறிமுகமில்லாதவர்கள் கூடி வேலை செய்வதைப் பற்றி நன்றாக ஆராய்ந்திருப்பது விமானத் துறைதான். பெரிய விமான நிறுவனங்களில் ஒரு கேப்டனும் துணை விமானியும் பணிப்பெண்களும் அன்றுதான் முதல்முறை சந்தித்து, கொஞ்ச நேரத்தில் சேர்ந்து பறப்பது சாதாரணம். 1978 முதல் 1990 வரை அமெரிக்காவில் விமானிகளின் தவறு தொடர்பான 37 பெரிய விபத்துகளை அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்து 1994-இல் வெளியிட்டது. விவரம் கிடைத்த விபத்துகளில் 73 சதவீதம் அந்தக் குழு சேர்ந்து பறந்த முதல் நாளிலேயே நடந்திருந்தன, 44 சதவீதம் முதல் பயணத்திலேயே. ராபர்ட் கின்னட் என்ற ஆய்வாளர் 1980-களில் கேப்டன்களின் முதல் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தார். குழுவை நன்றாக அமைப்பவர்கள் என்று பெயர் வாங்கிய கேப்டன்கள் அந்தப் பேச்சில் எப்படி ஓட்டுவது என்பதைப் பற்றி அதிகம் பேசவில்லை, அது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. யாரெல்லாம் நம் குழு என்பதைப் பெரிதாக்கினார்கள், கேபினில் இருப்பவர்களையும் சேர்த்துக்கொண்டார்கள். எப்போது நான் சொல்வது முடிவு, எப்போது நீங்கள் என்னைத் தடுக்க வேண்டும் என்பதைத் தெளிவாக்கினார்கள். என் ஐவர் பட்டியலுக்கும் வெள்ளி இரவு கிளை மேலாளர்தான் தலைவர் என்றதற்கும் இதுதான் மூலம். எங்களுக்குப் பல மாதங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை என்பது பெரிய வித்தியாசம்தான். ஆனாலும் ஒரு டெஸ்டர் முதல் வாரத்தில் எதைச் சொல்லாமல் விழுங்கினாரோ, அதை எட்டாவது வாரத்திலும் விழுங்குவார்.

சரி, பேச்சு பலித்ததா? ஒரு உதாரணம் சொல்கிறேன்.

முதல் ஒத்திகை முடிந்த சில நாட்களில் வித்தியாசப் பதிவேட்டில் ஒரு வரி வந்தது. எழுதியவர் டெஸ்டர்களிலேயே புதியவர். சேமிப்புக் கணக்கு ஒன்றில், சேர்ந்துவரும் வட்டி முப்பத்தொரு பைசா வித்தியாசம். அவருடைய லீட் பார்த்து, ரவுண்டிங், விட்டுவிடு என்றிருக்கிறார். மூட அவருக்கு அதிகாரம் இல்லை என்பதால் வரி அப்படியே நின்றது. கணக்கு அதிகாரி பார்த்தார். பத்தாயிரம் ரூபாய் இருப்பு, 2.75 சதவீத வட்டி. ஒரு நாளைக்கு 75.34 பைசா வருகிறது. பழைய சிஸ்டம் ஒவ்வொரு நாளும் அதை 75 பைசாவாக ரவுண்ட் செய்து சேர்த்துக்கொண்டே போகிறது. புதியது தசமத்தை வைத்துக்கொண்டு காலாண்டின் கடைசியில்தான் ரவுண்ட் செய்கிறது. 91 நாளில் பழையதில் 68 ரூபாய் 25 பைசா, புதியதில் 68 ரூபாய் 56 பைசா. ரவுண்டிங்தான், லீட் சொன்னது சரி. ஆனால் கணக்கு அதிகாரிக்கு வேறொன்று தெரிந்தது. சில கணக்குகளில் கூடும், சிலவற்றில் குறையும், எட்டு லட்சத்திலும் சேர்த்தால் பேரேட்டில் கொடுக்க வேண்டிய வட்டி என்ற தலைப்பு ஒருபோதும் ஒத்துப்போகாது. ஞாயிறு காலை டிரயல் பேலன்ஸ் கையில் எடுத்தால் அந்த ஒரு வரியில் சில பல ஆயிரம் ரூபாய் இடிக்கும். அன்று தூக்கமில்லாத ஆட்களை வைத்துக்கொண்டு, இது ரவுண்டிங்கா, உண்மையிலேயே கணக்குகள் தொலைந்தனவா என்று பிரித்துப் பார்க்க நேரம் இருக்காது.

தீர்வு பெரிதாக ஒன்றும் இல்லை. கட்ஓவர் தேதி வரை சேர்ந்த வட்டியைப் பழைய சிஸ்டத்தில் உள்ளபடியே எடுத்து ஏற்றுவது, புதியது அன்றிலிருந்து மட்டும் தன் முறையில் கணக்கிடுவது. பழையதில் இருக்கும் எது புதியதில் எங்கே போகும் என்று சொல்லும் மேப்பிங்கில் ஒரு மாற்றம். வைப்புகளுக்கும் அதே கேள்வியைக் கேட்டபோது அங்கே வேறு மாதிரி ஒரு சிக்கல் கிளம்பியது, அதற்குக் கடைசி வரிசைக்காரர்தான் விடை சொன்னார். இரண்டாவது ஒத்திகையில் அந்தத் தலைப்பு பைசாவுக்குப் பைசா ஒத்துப்போனது.

அந்த டெஸ்டரிடம் பிறகு கேட்டேன், லீட் விட்டுவிடு என்ற பிறகும் அந்த வரியை எப்படி அப்படியே வைத்திருந்தாய் என்று. "மூடறது எனக்கும் முடியாது, அவருக்கும் முடியாதுன்னு முதல் நாளே சொல்லிட்டீங்களே மேடம், அதனால சண்டையே வரல" என்றார். தைரியம், துணிச்சல் என்று எதுவும் அவர் பேசவில்லை. அவருக்குத் தைரியம் தேவைப்படாத மாதிரி ஏற்பாடு இருந்தது, அவ்வளவுதான்.

பேச்சால் முடியாதவையும் உண்டு. ஏற்றும் நேரம் பற்றிய என் ஆசை முதல் ஒத்திகையிலேயே உடைந்தது, சனி இரவுக்குள் முடியவில்லை, ஞாயிறு மதியம் வரை இழுத்தது. மூடிய கணக்குகளையும் பழைய பரிவர்த்தனை வரலாற்றின் பெரும்பகுதியையும் முன் வாரமே ஏற்றிவிடுவது என்று மாற்றினோம், தேதியும் ஒருமுறை தள்ளிப்போனது. அதைப் பொது மேலாளரிடம் சொன்ன கூட்டம் இனிமையாக இல்லை. ஒப்புக்கொண்டவர் என்பதற்காக அவர் சிரித்துக்கொண்டு கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை.

இன்னொன்று, முதல் நாளில் இருந்தவர்கள் கடைசி நாளில் இருக்க மாட்டார்கள். எங்கள் டேட்டா ஆட்களில் ஒருவர் நடுவில் வேறு வேலைக்குப் போனார், மும்பையிலிருந்து வந்த இருவரில் ஒருவர் மாறினார். புதிதாக வந்தவர்களுக்கு அந்தப் பேச்சு கிடைக்காது. மீட்டிங் குறிப்பை அனுப்பிப் பார்த்தால் அதில் ஐந்து பெயரும் ஒரு ஷீட்டின் இணைப்பும்தான் இருக்கும். அதனால் இப்போது செய்வது இது: புதிதாக யார் வந்தாலும், முதல் நாள் அவரைப் பலகைக்குக் கூட்டிப் போய் வெள்ளி மாலையிலிருந்து திங்கள் காலை வரை விவரிக்க வேண்டும். அதை நான் செய்வதில்லை. அவருக்கு முன்னால் கடைசியாக டீமில் சேர்ந்தவர் செய்ய வேண்டும், நான் பின்னால் நின்று கேட்பேன். எந்த இடத்தில் அவர் தடுமாறுகிறாரோ, பெரும்பாலும் ஞாயிறு மாலைக்குப் பக்கத்தில்தான் தடுமாறுவார்கள், அந்த இடத்தை அந்த வாரக் கூட்டத்தில் எல்லோருக்கும் மறுபடி சொல்வேன்.